கலவைக் கணக்கு: விகிதம் ஏன் குறுக்காக வருகிறது?

தேசிய வருவாய் வழி மற்றும் திறன் படிப்புதவித் தேர்வுக்கு எட்டாம் வகுப்பு மாணவர்களைத் தயார் செய்யும் ஆசிரியர்கள் எல்லாருக்கும் இந்த வினா பழக்கமானது. கிலோ ரூ.42 அரிசியையும் கிலோ ரூ.58 அரிசியையும் எந்த விகிதத்தில் கலந்தால் கலவையின் அடக்கம் கிலோ ரூ.48 ஆகும்? பிள்ளைகள் குறுக்குக் கோடு போடுகிறார்கள். 58இல் 48 போனால் 10, 48இல் 42 போனால் 6. பத்துக்கு ஆறு, அதாவது 5:3 என்று விடை எழுதுகிறார்கள். ஆனால் ஐந்து பங்கு எந்த அரிசி என்று கேட்டால் வகுப்பு இரண்டாகப் பிரிந்துவிடுகிறது. 'அலிகேஷன்' என்று பயிற்சிப் புத்தகங்கள் சொல்லும் இந்த முறையின் விடை வந்துவிடுகிறது, பொருள் வருவதில்லை.

இந்தக் குழப்பத்துக்கு விலை உண்டு. தென்காசிக் கடைவீதியில் ஓர் அரிசிக்கடைக்காரர் 400 கிலோ கலவை தயாரிப்பதாக வைத்துக்கொள்வோம். குறைந்த விலை அரிசி அம்பை 16. அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையம் தந்த குண்டு ரகம் என்பதால் நம் பக்கத்துப் பிள்ளைகளுக்குத் தெரிந்த பெயர். கூடிய விலை அரிசி பொன்னி. விலைகள் கணக்குக்காக நான் எடுத்துக்கொண்டவை. அம்பை 250 கிலோ, பொன்னி 150 கிலோ எடுத்தால் செலவு 10,500 + 8,700 = ரூ.19,200. இதை 400ஆல் வகுத்தால் சரியாக ரூ.48. விகிதத்தை மாற்றி அம்பை 150, பொன்னி 250 எடுத்தால் செலவு 6,300 + 14,500 = ரூ.20,800. கிலோ ரூ.52 ஆகிறது. ரூ.48 என்று நம்பி விற்றவருக்குக் கிலோவுக்கு நான்கு ரூபாய் வீதம் ரூ.1,600 கையை விட்டுப் போகும். விடையைப் பெருக்கிக் கூட்டிச் சரிபார்க்கும் பழக்கம் எதற்கு என்பதை இந்த ஒரு கணக்கே சொல்லிவிடும்.

இனி, விகிதம் ஏன் குறுக்காக வருகிறது என்று பார்ப்போம். நான் இதைக் கூடுதல், குறைவு என்று சொல்லித் தொடங்குகிறேன். கலவையில் சேரும் அம்பை ஒவ்வொரு கிலோவும் 42 ரூபாய்ச் சரக்கு, 48 ரூபாய்க்குக் கணக்காகிறது. அதில் 6 ரூபாய் மிச்சம். பொன்னி ஒவ்வொரு கிலோவும் 58 ரூபாய்ச் சரக்கு, 48க்குக் கணக்காகிறது. அதில் 10 ரூபாய் துண்டு விழுகிறது. மிச்சமும் துண்டும் சமமாக வேண்டும். மூன்று கிலோ பொன்னியில் விழும் 30 ரூபாயை ஈடுகட்ட, கிலோவுக்கு 6 ரூபாய் மிச்சம் தரும் அம்பை ஐந்து கிலோ வேண்டும். ஆகவே அம்பை 5, பொன்னி 3. சிறிய வித்தியாசம் உள்ள சரக்குதான் அதிகம் தேவைப்படுகிறது. இலக்கு விலை எந்தப் பக்கம் நெருங்கி நிற்கிறதோ, அந்தப் பக்கத்து அரிசிதான் கூடுதலாக இருக்கும். 48 என்பது 58ஐ விட 42க்குப் பக்கம். எனவே அம்பைதான் அதிகம். இந்த ஒரு வரியை மனத்தில் வாங்கிய மாணவர் விகிதத்தைத் திருப்பி எழுதமாட்டார்.

இதைக் கண்ணால் காட்ட ஓர் அளவுகோல் போதும். 30 செ.மீ. அளவுகோலை 15ஆம் குறியில் நூல் கட்டித் தொங்கவிடுங்கள். 15ஆம் குறிதான் இலக்கு விலை 48. ஒரு செ.மீ. ஒரு ரூபாய். இடப்பக்கம் 6 செ.மீ. தள்ளி 9ஆம் குறியில் அம்பை, வலப்பக்கம் 10 செ.மீ. தள்ளி 25ஆம் குறியில் பொன்னி. ஒரே வகை நாணயங்களைச் சின்னக் காகிதப் பைகளில் போட்டு இரு குறிகளிலும் தொங்கவிட்டால், இடப்பக்கம் ஐந்தும் வலப்பக்கம் மூன்றும் வைக்கும்போது அளவுகோல் நேராக நிற்கும். 5 × 6 = 3 × 10. நாணயங்களை இடம் மாற்றிப் போட்டால் வலப்பக்கம் சட்டென்று சாயும். அறிவியல் பாடத்தில் படித்த நெம்புகோல்தான் இங்கே கணக்காக வந்திருக்கிறது என்று பிள்ளைகளே சொல்வார்கள்.

இரண்டாவது சிக்கல் இலாபம். அதே இரண்டு அரிசியைக் கலந்து கிலோ ரூ.54க்கு விற்று 12½% இலாபம் பெற வேண்டும் என்று வினா வந்தால், பலரும் நேராக 54ஐக் குறுக்குக் கோட்டின் நடுவில் எழுதிவிடுகிறார்கள். 58 – 54 = 4, 54 – 42 = 12. விடை 1:3 என்று வருகிறது. இந்தக் கலவையின் அடக்கமே ரூ.54. விற்றால் ஒரு காசு இலாபமில்லை. நடுவில் நிற்க வேண்டியது எப்போதும் அடக்க விலை. மூன்று எண்களும் ஒரே வகையாக இருந்தால்தான் கழித்துப் பார்ப்பதற்கு அர்த்தம் உண்டு. வேறு சிலர் 54இல் 12½%ஐக் கழித்து ரூ.47.25 என்கிறார்கள். இலாபம் அடக்கத்தின் மேல் கணக்கிடப்படுவது. 12½% என்பது எட்டில் ஒரு பங்கு. அடக்கம் 8 பங்கு என்றால் விற்பனை விலை 9 பங்கு. 54 × 8 ÷ 9 = 48. மறுபடியும் 5:3தான்.

இங்கே ஒரு மாணவர், "கூடின அரிசியே அம்பத்தெட்டுதான். கலவைய அறுபதுக்கு எப்படி சார் விக்க முடியும்?" என்று கேட்பார். கேட்க வேண்டிய கேள்விதான். அடக்கம் 42க்கும் 58க்கும் இடையில்தான் இருக்க முடியும். விற்பனை விலைக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. வினாவில் உள்ள எண் எந்த விலை என்று பிரித்தறிய இந்தக் கேள்வியே வழி. கலப்படம் பற்றியும் பிள்ளைகள் கேட்பார்கள். கலவை என்று சொல்லி விற்பது வியாபாரம், கலந்துவிட்டுப் பொன்னி என்று சொல்லி விற்பது ஏமாற்று என்று நான் பிரித்துச் சொல்லிவிடுகிறேன்.

அடுத்தது கரைசல். இதற்கும் நெல்லையே எடுத்துக்கொள்ளலாம். குற்றாலத்தில் சாரல் தொடங்கிச் சிற்றாற்றில் தண்ணீர் வரும் நாட்களில்தான் கார் சாகுபடி வேலைகளும் நடக்கின்றன. நாற்றங்காலில் விதைக்கும் முன் விதை நெல்லை உப்புக் கரைசலில் போட்டுப் பதரையும் அரைமணியையும் பிரிப்பார்கள். கனமான நெல் அடியில் தங்கும், பொக்கு மிதக்கும். கரைசல் போதிய அடர்த்தி வந்ததா என்று பார்க்க ஒரு புதிய கோழிமுட்டையைப் போடுவது வழக்கம். முட்டை மேலே வந்து, ஒரு நாணயம் அளவுக்கு நீருக்கு வெளியே தெரிந்தால் சரி. பத்து லிட்டர் தண்ணீருக்கு ஒன்றரைக் கிலோ உப்பு என்பது வேளாண்மைத் துறையினர் சொல்லும் அளவு.

இந்தக் கரைசலின் செறிவு எவ்வளவு என்று கேளுங்கள். பெரும்பாலோர் 15% என்பார்கள். தண்ணீர் 10 கிலோ, உப்பு 1.5 கிலோ, ஆனால் கரைசல் 11.5 கிலோ. 1.5ஐ 11.5ஆல் வகுத்தால் ஏறத்தாழ 13%. செறிவுக்கு வகுக்கும் எண் தண்ணீரின் எடை அல்ல, கரைசலின் மொத்த எடை. அரிசிக் கணக்கில் மொத்தச் செலவை மொத்தக் கிலோவால் வகுத்தோம், இங்கும் அதுவேதான்.

இப்போது செய்து பார்க்கலாம். ஒரு பாத்திரத்தில் 200 கிராம் உப்பும் 800 கிராம் தண்ணீரும். இது 20% கரைசல். இன்னொன்றில் 80 கிராம் உப்பும் 920 கிராம் தண்ணீரும். இது 8%. புதிய முட்டை எட்டு சதவீதக் கரைசலில் மூழ்கும், இருபதில் நன்றாக மேலெழுந்து மிதக்கும். இலக்கு 13%. 20 – 13 = 7, 13 – 8 = 5. இலக்கு எட்டுக்குப் பக்கம் என்பதால் எட்டு சதவீதக் கரைசல்தான் அதிகம்: 7 பங்கு. இருபது 5 பங்கு. 700 கிராமும் 500 கிராமும் நிறுத்து ஊற்றினால் உப்பு 56 + 100 = 156 கிராம், கரைசல் 1,200 கிராம், செறிவு 13%. முட்டையைப் போட்டால் அதன் தலை வெளியே தெரியும். தாளில் வந்த விடையைப் பாத்திரத்தில் பார்த்த பிள்ளை அதை மறப்பதில்லை.

வெறும் தண்ணீரைச் சேர்க்கும் கணக்கில் மாணவர்கள் திகைப்பார்கள், இரண்டாவது செறிவு எங்கே என்று. தண்ணீர் 0%, தூய உப்பு 100% என்று எடுத்துக்கொண்டால் எல்லாம் ஒரே முறையில் அடங்கிவிடும்.

முறைக்கு எல்லைகள் உண்டு. இதையும் வகுப்பில் சொல்ல வேண்டும். முதலாவது, எடைகள் கூடும், கன அளவுகளை அப்படி நம்ப முடியாது. 500 கிராம், 700 கிராம் என்பதை மி.லி. என்று எண்ணி அளவைக் குவளையில் எடுத்தால், அடர்த்தியான இருபது சதவீதக் கரைசல் எடையில் சற்றுக் கூடுதலாகச் சேர்ந்து செறிவு 13ஐத் தாண்டிவிடும். ஆகவே எடைச் செறிவு தந்தால் தராசில்தான் அளக்க வேண்டும். இரண்டாவது, தாள் அனுமதிப்பதைத் தண்ணீர் அனுமதிக்காது. 40% உப்புக் கரைசலுக்கு உப்பும் தண்ணீரும் 2:3 என்று கணக்கு சொல்லும். ஆனால் சாதாரண வெப்பநிலையில் தெவிட்டிய உப்புக் கரைசலே 26% அளவில் நின்றுவிடும். மிச்ச உப்பு அடியில் கிடக்கும். மூன்றாவது, முட்டை பழையதானால் உள்ளே காற்றறை பெருத்து எடை குறைந்து, செறிவு போதாத கரைசலிலும் மிதந்துவிடும். நல்ல தண்ணீரில் முதலில் போட்டு, அடியில் படுத்துக் கிடக்கும் முட்டையைத்தான் சோதனைக்கு எடுக்க வேண்டும். பிரித்தெடுத்த விதையை இரண்டு மூன்று முறை நல்ல தண்ணீரில் அலசாவிட்டால், ஒட்டிய உப்பு முளைப்பைக் கெடுக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இந்தப் பாடத்தை இரண்டு பாடவேளைகளில் முடிக்கலாம். முதல் பாடவேளையில் அரிசியும் அளவுகோலும், இரண்டாவதில் உப்புக் கரைசலும் முட்டையும். குறுக்குக் கோட்டை இரண்டாவது பாடவேளையின் கடைசியில்தான் நான் கரும்பலகையில் போடுகிறேன். அதன் கீழே மூன்று கேள்விகளை எழுதி வைக்கிறேன்: மூன்று எண்களும் ஒரே வகையா? இலக்கு இரண்டுக்கும் இடையில் இருக்கிறதா? இலக்கு எதற்குப் பக்கம்? இவற்றுக்குப் பதில் எழுதிய பின்பே விகிதம் எழுத வேண்டும், எழுதியதைப் பெருக்கிக் கூட்டிச் சரிபார்க்க வேண்டும் என்பது எங்கள் வகுப்பு விதி.