கை நீளும் நேரம்: மாலைப் படிப்பும் அலைபேசியும்

சென்ற ஆண்டு காலாண்டுத் தேர்வு முடிந்த வாரத்தில், என்னுடைய பத்தாம் வகுப்பு மாணவர்களை ஓர் உறுதிமொழி எழுத வைத்தேன். "மாலையில் படிக்கும் நேரத்தில் அலைபேசியைத் தொடமாட்டேன்" என்று குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதி, பெற்றோரிடமும் கையொப்பம் வாங்கி வந்தார்கள். மூன்று நாள் கழித்து, "எத்தனை பேர் கடைப்பிடித்தீர்கள்?" என்று கேட்டேன். ஐந்து கைகள் உயர்ந்தன. அவற்றிலும் இரண்டு பாதி வழியில் தயங்கின.

ஒரு மாணவி மட்டும் எழுந்து, "டீச்சர், தொடக்கூடாதுன்னுதான் நினைக்கிறேன். ஆனா எப்போ கையில எடுத்தேன்னே எனக்குத் தெரியல" என்றாள்.

அவள் பொய் சொல்லவில்லை. எடுத்ததே தெரியவில்லை என்றால், அந்த இடத்தில் மன உறுதிக்கு வேலையே வரவில்லை என்றுதானே பொருள்? உறுதிமொழியை ஓரமாக வைத்துவிட்டு, கை எப்போது நீள்கிறது என்பதை முதலில் கண்டுபிடிக்க முடிவு செய்தோம்.

கோடு போட்ட நான்கு நாள்கள்

திங்கள் முதல் வியாழன் வரை ஒரே ஒரு வேலைதான் கொடுத்தேன். மாலைப் படிப்பின்போது அலைபேசியை எடுத்தாலோ, எடுக்கக் கை நீண்டாலோ, குறிப்பேட்டின் வலது ஓரத்தில் ஒரு கோடு போட வேண்டும். கோட்டின் அருகில் காரணத்துக்கு ஓர் எழுத்து. மணி பார்க்க எடுத்தால் 'ம', செய்தி வந்த ஒலி கேட்டு எடுத்தால் 'செ', பாடத்தில் சந்தேகம் தீர்க்க எடுத்தால் 'ச', கணக்கு வராமல் திணறி எடுத்தால் 'தி'. குறைக்க முயல வேண்டாம், எண்ணினால் போதும் என்றும், கோடு அதிகமானால் திட்டமாட்டேன் என்றும் சொன்னேன். இந்த வாக்குறுதி முக்கியம். திட்டுவார்கள் என்று தெரிந்தால் கோடுகள் பொய் சொல்லும்.

அந்த மாணவியின் திங்கட்கிழமைப் பக்கத்தையே எடுத்துக்கொள்கிறேன். வீட்டில் ஓர் அறையும் சமையலறையும். தொடுதிரை அலைபேசி ஒன்றுதான், அம்மாவுடையது. வகுப்புக் குழு அதில் இருப்பதால் 6:30 முதல் 8:30 வரை அது இவள் பக்கத்திலேயே இருக்கும். அன்று 11 கோடுகள்: 'ம' 2, 'செ' 4, 'ச' 2, 'தி' 3. முடித்த கணக்குகள் 4. மணி பார்க்க எடுத்த இரண்டில் ஒன்று, காணொளி பார்ப்பதில் போய்க் கால் மணி நேரம் நீண்டதாக அவளே எழுதியிருந்தாள்.

விளையாட்டுக்காக எடுத்தேன் என்று ஒரு கோடுகூட இல்லை என்பதைக் கவனியுங்கள். ஒவ்வொரு முறையும் நியாயமான ஒரு காரணத்துக்குத்தான் கை நீண்டிருக்கிறது. எடுத்த பிறகுதான் அது வேறு எங்கோ போயிருக்கிறது.

என் பெயரிலும் கோடுகள்

நான்கு 'செ' கோடுகளில் மூன்று, வகுப்புக் குழுவில் வந்த செய்திகளுக்கானவை. என் அலைபேசியைத் திறந்து பார்த்தேன். அன்று 6:50க்கு மறுநாள் தேர்வுக்கான பகுதியை அனுப்பியிருக்கிறேன். 7:20க்கு அதில் ஒரு திருத்தம் அனுப்பியிருக்கிறேன். 7:40க்கு இன்னொரு ஆசிரியர் நினைவூட்டல் போட்டிருக்கிறார். "தொடாதே" என்று கையொப்பம் வாங்கிய நாங்களேதான் படிக்கும் நேரத்தில் அவர்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

'தி' கோடுகளும் எனக்கு ஒன்று சொல்லின. பல குறிப்பேடுகளில் அவை ஒரே இடத்தில் குவிந்திருந்தன. இருபடிச் சமன்பாட்டில் தொடர்வண்டியின் வேகம் கேட்கும் எழுத்துக் கணக்கு அது. அந்த வகையில் ஒரு மாதிரிக் கணக்கைக்கூட வகுப்பில் முழுமையாகச் செய்து காட்டாமல் வீட்டுப்பாடமாகக் கொடுத்திருந்தேன்.

காரணத்துக்கு ஒரு மாற்று

அமெரிக்க உளவியலாளர் ஏஞ்சலா டக்வொர்த்தும் உடன் ஆய்வாளர்களும் உயர்நிலைப் பள்ளி, கல்லூரி மாணவர்களிடம் நடத்தி 2016இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. ஆசையை உள்ளுக்குள் அடக்கிப் பார்த்தவர்களைவிட, ஆசையைத் தூண்டும் பொருளைச் சூழலிலிருந்து விலக்கியவர்கள் தங்கள் படிப்பு இலக்குகளை நன்றாக அடைந்தார்கள் என்பது அதன் முடிவு. நாங்களும் அந்த வழியில் போனோம். ஒவ்வோர் எழுத்துக்கும் தனித்தனியாக ஒரு மாற்று வைத்தோம்.

மணிக்கு: சுவர்க் கடிகாரமோ, மேசைக் கடிகாரமோ, கைக்கடிகாரமோ கண்ணில் படும் இடத்தில் இருக்க வேண்டும். மிகச் சிறிய மாற்றம்தான். ஆனால் 'ம' கோடுகள் அந்த வாரமே ஏறக்குறைய மறைந்துவிட்டன.

செய்திக்கு: மாலை 6 மணிக்கு மேல் வகுப்புக் குழுவில் எதுவும் போடுவதில்லை என்று ஆசிரியர்கள் பேசி முடிவு செய்தோம். வீட்டுப்பாடத்தைக் கரும்பலகையிலேயே எழுதி, குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளச் செய்தோம். வீட்டில் Mute notifications மூலம் குழுக்களின் ஒலியை மட்டும் நிறுத்தினார்கள். அழைப்பு வந்தால் மணி அடிக்கும். அலைபேசியையே அணைக்கச் சொல்லியிருந்தால், வேலைக்குச் சென்றிருக்கும் அப்பாவின் அழைப்புக்காகக் காத்திருக்கும் வீடு அதை ஏற்றிருக்காது.

சந்தேகத்துக்கு: ஒரு 'சந்தேகத் தாள்'. தேட வேண்டிய சொல், பாடநூலில் க்யூஆர் குறியீடு உள்ள பக்கத்தின் எண், தோழியிடம் கேட்க வேண்டிய விடை எல்லாவற்றையும் அதில் எழுதிவைத்துவிட்டுப் படிப்பைத் தொடர வேண்டும். கடைசி 20 நிமிடம் அலைபேசி நேரம். தாளில் உள்ளவற்றை ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்து, தாள் முடிந்ததும் அலைபேசியைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

திணறலுக்கு: 'இப்படி ஆனால் இதைச் செய்வேன்' என்று முன்கூட்டியே ஒரு வரி எழுதிக்கொள்வது. இத்தகைய திட்டங்கள், வெறுமனே "செய்வேன்" என்று நினைப்பதைவிட நன்றாகப் பலனளிக்கின்றன என்று உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1999இல் விரிவாக எழுதினார். எங்கள் வரி இது: "ஒரு கணக்கு 5 நிமிடம் நகராவிட்டால், கொடுக்கப்பட்ட தகவல்களை மட்டும் எழுதி, கணக்கு எண்ணைச் சந்தேகத் தாளில் குறித்துவிட்டு, அடுத்த கணக்குக்குப் போவேன்." இதோடு என் பங்காக, எந்த எழுத்துக் கணக்கு வகையையும் ஒரு மாதிரி செய்து காட்டாமல் வீட்டுக்கு அனுப்புவதை நிறுத்தினேன்.

எங்கே வைப்பது?

நான்கு மாற்றுகளும் அமைந்த பிறகுதான் அலைபேசியைத் தள்ளி வைக்கச் சொன்னேன். இந்த வரிசை முக்கியம். கடிகாரமும் சந்தேகத் தாளும் இல்லாமல் தள்ளி வைத்தால், பத்து நிமிடத்தில் ஒரு நியாயமான காரணம் வந்து நிற்கும்.

டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் அட்ரியன் வார்டு குழு 2017இல் வெளியிட்ட சோதனையில், ஒலி நிறுத்திய அலைபேசியை மேசைமேல் வைத்திருந்தவர்களைவிட, வேறு அறையில் விட்டுவந்தவர்கள் நினைவாற்றல் தேர்வுகளில் நன்றாகச் செய்தார்கள். பிறகு நடந்த மறுசோதனைகள் எல்லாவற்றிலும் இதே அளவு வேறுபாடு வரவில்லை. எனவே அருகில் இருந்தாலே மூளை மழுங்கிவிடும் என்று மாணவர்களைப் பயமுறுத்த வேண்டாம். என் காரணம் எளியது. எழுந்து நடந்து போய் எடுக்க வேண்டுமென்றால், எடுப்பது நமக்கே தெரிந்துவிடும். அந்த மாணவிக்குத் தேவைப்பட்டது அதுதான். அவள் வீட்டில் அலைபேசி சமையலறை அலமாரியின் மேல்தட்டுக்குப் போனது.

இடைவேளையும் கவனிக்க வேண்டியது. 40 நிமிடம் படித்துவிட்டு 5 நிமிடம் ஓய்வு என்றால், அந்த ஓய்வு அலைபேசியில் கழியக்கூடாது. குறுங்காணொளிக்கு முடிவு என்று ஒன்று இல்லை. ஒன்று முடிந்தால் அடுத்தது தானே வரும். தண்ணீர் குடிப்பதும் வாசல்வரை நடப்பதும் தாமாகவே முடிந்துவிடும்.

என்ன நடந்தது?

அடுத்த வாரத் திங்களன்று அந்த மாணவியின் பக்கத்தில் 3 கோடுகள். முடித்த கணக்குகள் 9. புதனன்று மறுபடியும் 8 கோடுகள். விசாரித்தபோது, ஆறாம் வகுப்புப் படிக்கும் தம்பி அதே அறையில் காணொளி பார்த்திருக்கிறான். தன் கையில் இல்லாவிட்டாலும் ஒலி வரும் பக்கம் கண் போயிருக்கிறது. அவள் அம்மாவிடம் பேசினேன். "அவன அழ விடாம இருக்கத்தான் குடுக்கறேன் டீச்சர்" என்றார். பறிக்க வேண்டாம், நேரத்தை மட்டும் மாற்றலாமா என்று கேட்டேன். தம்பிக்கு 6 மணி முதல் அரை மணி நேரம், அதன் பிறகு அலமாரி என்று அவரே முடிவு செய்தார். அந்த வீட்டில் அதன்பின் நிலைமை சீரானது.

எல்லா வீட்டிலும் இப்படி நடக்கவில்லை. சொந்த அலைபேசி வைத்திருந்த இரண்டு மாணவர்கள் Digital Wellbeing பகுதியில் செயலிகளுக்கு நேர வரம்பு வைத்தார்கள். தானே வைத்த பூட்டைத் தானே திறக்கலாம் என்பதால் அது ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. பெரியவர்கள் இரவுப் பணிக்குப் போய்விடும் வீட்டில் அலைபேசியை வாங்கி வைக்கவும் ஆள் இல்லை. அத்தகைய ஒரு மாணவன் பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் கொடுத்துவிட்டுப் படித்தான். இன்னொருவன் பள்ளி முடிந்ததும் வகுப்பறையிலேயே ஒரு மணி நேரம் படித்துவிட்டுப் போனான். பொங்கல் விடுமுறைக்குப் பிறகு பலருக்கும் கோடுகள் ஏறின. மறுபடியும் இரண்டு நாள் எண்ணச் சொன்னேன். எந்த எழுத்து கூடியிருக்கிறதோ அதை மட்டும் சரிசெய்தோம்.

கோடுகளின் எண்ணிக்கையை மட்டும் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். கோடே இல்லாமல், கணக்கும் 4 என்றே இருந்தால், ஒன்று எண்ணவில்லை, அல்லது சிக்கல் அலைபேசியில் இல்லை. முடித்த வேலை கூடியிருக்கிறதா என்பதையும் சேர்த்துப் பாருங்கள். தொடக்க வகுப்புக் குழந்தைகளால் தாங்களே எண்ண முடியாது. அங்கே கோடு போடுவது பெற்றோரின் வேலை. படிக்கும் நேரமும் 15 நிமிடம் போதும்.

உங்கள் வகுப்பில் தொடங்க விரும்பினால், மாணவர்களிடம் குறிப்பேட்டை எடுக்கச் சொல்வதற்கு முன், உங்கள் அலைபேசியில் வகுப்புக் குழுவைத் திறந்து, சென்ற வாரம் மாலை 6 மணிக்கு மேல் எத்தனை செய்தி அனுப்பினீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். நான் எண்ணியபோது பதினான்கு இருந்தன.