பில் மூணு, தேவை ஒண்ணு

பொன்மலையில் ஒரு மத்திய அரசு அலுவலகம் 30 நாற்காலி வாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒன்று ரூ.2,400, மொத்தம் ரூ.72,000. விலைப்புள்ளி கேட்காமல் வாங்க வரம்பு ரூ.25,000 என்று கொள்வோம். கோப்பில் தலா 10 நாற்காலிக்கு, ரூ.24,000 வீதம் மூன்று பில்கள் இருக்கின்றன. தனித்தனியாகப் பார்த்தால் எதிலும் தப்பு தெரியாது.

எப்படிக் கண்டுபிடிப்பது? பில்களைக் கடைவாரியாகப் பிரித்து, தேதிப்படி அடுக்குங்க. ஒரே வாரத்துத் தொகைகளைக் கூட்டுங்க. பில் எண்கள் 411, 412, 413 என்று வரிசையாக வந்தால் சந்தேகம் வலுக்கும். கடைப் பெயர் மாறியிருந்தால் ஜிஎஸ்டி எண்ணைப் பாருங்க. அதில் 3-வது முதல் 12-வது எழுத்து வரை இருப்பது பான் எண். அது ஒன்றாக இருந்தால், கடை இரண்டானாலும் ஆள் ஒன்றுதான்.

ஆனா, இதை வச்சே முறைகேடுன்னு சொல்லிட முடியாது. மாதாமாதம் தீர்கிற பொருளைத் திரும்பத் திரும்ப வாங்கத்தான் வேண்டும். அதனால் தேவைப் பட்டியலை, அதாவது இன்டென்ட்டைப் பாருங்க. முதல் நாளிலேயே 30 நாற்காலி கேட்டிருந்தால், பில்லைத்தான் உடைத்திருக்கிறார்கள். மேலதிகாரியின் ஒப்புதலைத் தவிர்க்க இப்படிப் பிரித்து வாங்கக் கூடாது என்கிறது மத்திய அரசின் பொது நிதி விதிகள் 2017-இன் விதி 157.

தகவல் உரிமைச் சட்டத்தில் ரூ.10 கட்டி விண்ணப்பிக்கும்போது, பில்களோடு இன்டென்ட் நகலையும் சேர்த்துக் கேளுங்க.