கல்லைத் தண்ணீரில் நிறுக்கப் போகிறவர்களுக்கு

சூளூர்பேட்டையில் கல் சேர்க்கத் தொடங்கியிருக்கும் தம்பி தங்கைகளே, வடக்கே கூடூர்ப் பக்கத்து மைக்காச் சுரங்கக் குவியல்களில் வெங்கச்சங்கல்லும் ஃபெல்ஸ்பாரும் கிடைக்கும். மேற்கே மங்கம்பேட்டையில் எடுப்பது பேரைட். தெலுங்குக்காரர்கள் முக்குராயி என்பார்கள். சாம்பல் பூத்த ஒரு துண்டு கையில் இருந்தால் இது எது என்ற சந்தேகம் வரும். அதைத் தீர்க்க ஒரு சுருள்வில் தராசும் ஒரு வாளித் தண்ணீரும் போதும்.

1. பெரிய கல்லாக எடுங்கள். பள்ளிக்கூடத்து ஒரு கிலோ தராசில் பெரும்பாலும் 10 கிராமுக்கு ஒரு கோடு இருக்கும். ஆகவே அரைக் கிலோவுக்குக் குறையாத துண்டு வேண்டும். ஒரே கனிமமாக இருக்க வேண்டும்; பாதி மண்ணும் பாதி கல்லுமாக இருந்தால் வரும் விடை இரண்டின் கலவைக்குத்தான்.

2. கல்லைத் தேய்த்துக் கழுவி, வெயிலில் நன்றாகக் காய வைத்த பிறகு முதல் எடை எடுங்கள். தொங்கவிட மெல்லிய நைலான் நூல் நல்லது. பருத்தி நூல் தண்ணீரை உறிஞ்சும். வெறும் நூலைக் கொக்கியில் மாட்டி, முள் பூச்சியத்தில் நிற்கிறதா என்று முதலில் பாருங்கள்.

3. இப்போது கல்லைத் தராசில் தொங்கவிட்டபடியே வாளியில் முழுக்க மூழ்க விடுங்கள். எவ்வளவு ஆழம், எவ்வளவு தண்ணீர் என்பது பொருட்டில்லை. கல் அடியையோ பக்கத்தையோ தொடக்கூடாது, அவ்வளவுதான். முள் நின்றதும் தராசை விரலால் லேசாகத் தட்டி, கண் மட்டத்தில் வைத்துப் படியுங்கள்.

மங்கம்பேட்டைத் துண்டு ஒன்று காற்றில் 620 கிராம், தண்ணீரில் 480 கிராம் என்று வைத்துக்கொள்வோம். குறைந்தது 140. கல் தன் கன அளவுக்கு ஒதுக்கிய தண்ணீரின் எடை அது. 620-ஐ 140-ஆல் வகுத்தால் 4.4. இதுதான் ஒப்படர்த்தி, பேரைட்டுக்கு ஏறத்தாழ 4.5. அதே 620 கிராம் வெங்கச்சங்கல்லாக இருந்திருந்தால் தண்ணீரில் 385-க்கு இறங்கியிருக்கும், விடை 2.6. தராசில் நியூட்டன் குறித்திருந்தாலும் கவலையில்லை, வகுக்கும்போது அலகு போய்விடும்.

4. நீங்கள் அதிகம் பயப்பட வேண்டியது அந்த 140-ஐப் பற்றித்தான். ஒவ்வொரு படிப்பிலும் 5 கிராம் தவறினால் வித்தியாசத்தில் 10 கிராம் வரை தவறலாம். அப்போது 140 என்பது 130 ஆகவும் இருக்கலாம், 150 ஆகவும் இருக்கலாம், விடை 4.1-க்கும் 4.8-க்கும் இடையில் எங்கும் விழும். இந்த இடைவெளியிலும் அது வெங்கச்சங்கல் இல்லை என்பது உறுதி. அதே தராசில் 62 கிராம் சில்லைத் தொங்கவிட்டுப் பாருங்கள்: குறைய வேண்டியது வெறும் 14, தவறோ 10. விடை 2.6-லிருந்து 15 வரை எதுவாகவும் இருக்கலாம். அப்படிப்பட்ட எண்ணை நோட்டில் எழுதவே கூடாது.

5. விடை எதிர்பார்த்ததைவிடக் குறைந்தால் முதலில் குமிழியைத் தேடுங்கள். பிளவுகளில் ஒட்டிய காற்று கல்லைத் தூக்கிப் பிடிக்கும், தண்ணீருக்குள் எடை குறைத்துக் காட்டும். கல் வாளியில் சாய்ந்திருந்தாலும் இதே பக்கம்தான் தவறு போகும். தண்ணீரில் ஒரு துளி சோப்புக் கரைசல் விட்டு, கல்லை உள்ளேயே குலுக்கி, பழைய பிரஷ்ஷால் துடைத்துவிட்டு மறுபடி படியுங்கள். எண் ஏறினால் குமிழிதான் காரணம். நேரம் போகப் போக எண் தானே மெல்ல ஏறிக்கொண்டிருந்தால் கல்லின் துளைகளுக்குள் தண்ணீர் இறங்குகிறது என்று அர்த்தம். அது இந்த முறைக்கு ஒத்துவராத கல்.

6. நம் பக்கத்துக் கிணற்று நீர் உப்புக் கரிக்கிறதே என்று கேட்பீர்கள். குடிக்க முடிகிற அளவு உப்பு இந்தத் தராசுக்குத் தெரியாது. கடல் நீர் என்றால் விடை இரண்டரை சதவீதம் குறைந்துவிடும். ஆகவே பழவேற்காட்டு ஏரித் தண்ணீரில் செய்ய வேண்டாம். கல்லுப்பு போலக் கரையும் கனிமத்தைத் தண்ணீரில் இறக்கவே இறக்காதீர்கள்.

7. வெங்கச்சங்கல் 2.65, ஃபெல்ஸ்பார் சுமார் 2.6, கால்சைட் 2.7. இந்த மூன்றையும் சுருள்வில் தராசு பிரித்துக் காட்டாது. காட்டியது போலத் தோன்றினால் நம்பாதீர்கள். நீர்த்த அமிலத் துளியில் நுரைத்தால் கால்சைட். தட்டையான பளபளப்பு முகங்களாக உடைந்திருந்தால் ஃபெல்ஸ்பார்.

8. எண்ணெய்க் கிணறு தோண்டும் சேற்றில் கலக்கும் பேரைட்டுக்கு 4.2 என்பது நெடுங்காலமாக இருக்கும் எல்லைக்கோடு. மங்கம்பேட்டைக் கல்லுக்கு விலை ஏறுவதும் இறங்குவதும் அந்தக் கோட்டைச் சுற்றித்தான். அதை ஆய்வகத்தில் கல்லைப் பொடியாக்கி, லீ ஷாட்லியே குடுவையில் போட்டுத்தான் முடிவு செய்கிறார்கள். உங்கள் வாளியில் வந்த 4.4-ஐ வைத்துக்கொண்டு யாரிடமும் தரம் பேசாதீர்கள். இது பேரைட் என்று மட்டும் சொல்லுங்கள்; அதைத் தைரியமாகச் சொல்லலாம்.