கிளட்சின் நிலையறிய ஒரு சிறு பிரயாணம்

திண்டுக்கல்லில் பழைய கார் வாங்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் துணையாகச் சென்று வந்த அனுபவத்தில், கிளட்சைப் பற்றி எனக்கு ஒரு திடமான அபிப்பிராயம் ஏற்பட்டிருக்கிறது. கொடைக்கானல் மலைப்பாதையிலும் சிறுமலையின் 18 கொண்டை ஊசி வளைவுகளிலும் ஏறிப் பழகிய வண்டியொன்றில், ஏற்றத்தில் நிற்கும்போது பிரேக்கைப் பிடிக்காமல் பாதிக் கிளட்சிலேயே வண்டியைத் தாங்கி நிறுத்தும் வழக்கத்தால் கிளட்ச் பிளேட் பெருமளவு தேய்ந்து போயிருந்தாலும், வத்தலக்குண்டு சாலையின் சமதரையில் மெதுவாக ஓட்டிப் பார்ப்பவருக்கு அது யாதொரு குறையையும் காட்டாது. பாரம் கொடுத்தாலன்றி அந்தத் தேய்மானம் வெளிப்படுவதில்லை.

நான் வந்து சேரும்வரை எஞ்சினை ஸ்டார்ட் செய்ய வேண்டாமென்று உரிமையாளரிடம் முன்னதாகவே கேட்டுக்கொள்வது வழக்கம். குளிர்ந்த நிலையில் கேட்கும் சில சப்தங்கள் சூடேறியபின் அடங்கிவிடும். நியூட்ரலில் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, காலை எடுத்த நிலையில் கேட்கிற முனகல் பெடலை முழுதும் மிதித்ததும் நின்றுவிடுமானால், குற்றம் கியர்பாக்ஸின் உள்ளே முதல் ஷாப்டைத் தாங்கும் பேரிங்கில் இருக்கக்கூடும். அதற்கு நேர்மாறாக, மிதிக்கும்போது மட்டும் கரகரப்பு எழுமானால் ரிலீஸ் பேரிங்கைச் சந்தேகிக்க வேண்டும்.

பெடல் எந்த உயரத்தில் வரும்போது வண்டி நகர்கிறது என்பதைக் கொண்டே தீர்ப்புச் சொல்வோர் நம்மூரில் அநேகர். கேபிள் வகைக் கிளட்சில் பிளேட் தேயத் தேயப் பிடிப்பு மேலேறி வரும் என்பது உண்மையே. ஆயினும் கேபிளைச் சரிசெய்து அதை மறைப்பது சில நிமிஷ வேலை, ஹைட்ராலிக் வகையிலோ தேய்மானத்தைக் குழாயிலுள்ள திரவமே ஈடுசெய்துகொள்வதால் பிடிப்பு இடம் மாறாமலே இருக்கலாம். பேகம்பூர்ப் பக்கம் ஒரு டீசல் காரைப் பார்த்தபோது, “நேத்துத்தாண்ணே கிளட்சை டைட் பண்ணிட்டு வந்தோம்” என்று அதன் உரிமையாளர் மனமுவந்து சொன்னார். பெடல் மிகச் சரியான இடத்தில்தான் பிடித்தது. அதனாலேயே மற்றச் சோதனையை இன்னும் கவனமாகச் செய்ய நேர்ந்தது.

பத்து நிமிஷம் ஓட்டி எஞ்சின் நன்கு சூடேறியபின், போக்குவரத்து இல்லாத வேளை பார்த்து நான்குவழிச் சாலையின் நேரான பகுதிக்கு வண்டியைக் கொண்டுசென்றோம். ஒரே கியரில் இருக்கும்வரை எஞ்சின் சுழற்சியும் வண்டியின் வேகமும் ஒரே விகிதத்தில்தான் ஏற வேண்டும். அந்தக் காரில் நான்காம் கியரில் 45 கிலோமீட்டர் வேகத்தில் ஆக்சிலரேட்டரை நிதானமாக வைத்திருக்கையில் முள் 1,500 சுற்றுகளைக் காட்டியது. ஆகவே 60 கிலோமீட்டருக்கு அது 2,000 ஆகவேண்டும். ஆக்சிலரேட்டரை முழுதும் மிதித்தேன். வேகம் 60ஐத் தொடும்வரை கணக்குப் பிசகவில்லை. டர்போவின் இழுவிசை முழுமையாக வந்த அந்தக் கணத்தில், வேகம் 62இலேயே நிற்க முள் மட்டும் 2,500க்குத் தாவியது. காலைத் தளர்த்தியதும் மறுபடி கீழே இறங்கிச் சேர்ந்துகொண்டது. பிளேட் வழுக்குகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான லட்சணம் வேண்டியதில்லை. சுழற்சிமானி இல்லாத வண்டியில், வேகம் கூடாமலே எஞ்சின் சப்தம் மட்டும் உயர்வதைக் காதே சொல்லிவிடும். ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு உயர்ந்த கியரில் கிளட்சை விட்டு எஞ்சின் அணைகிறதா என்று பார்க்கும் சோதனையைச் சிலர் விரும்புவார்கள். பிறர் பொருளின் ஆயுளைக் குறைக்கும் அதை நான் செய்வதில்லை.

கியர் விழும்போது எழும் உரசலுக்குக் காரணம் எப்போதும் கியர்பாக்ஸ் அல்ல. நின்ற இடத்தில் கிளட்சை முழுதும் மிதித்து, மூன்று நான்கு விநாடி பொறுத்து ரிவர்ஸ் போடும்போது உரசுமானால், கிளட்ச் முழுதாக விடுபடவில்லை என்றே முதலில் கருத வேண்டும். ரிவர்ஸ் அமைதியாக விழுந்து, ஓட்டத்தில் மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கும்போது மாத்திரம், அதுவும் சூடேறிய பின்னும், கரகரவென்று எதிர்க்குமானால் தேய்ந்திருப்பது இரண்டாம் கியரின் சிங்க்ரோ வளையம். குளிர்ந்த காலையில் ஆயில் கெட்டியாக இருக்கும்போது முதல் சில நிமிஷம் இந்தக் கியர் சற்று முரண்டு பிடிப்பதைக் குறையாக எண்ணி மிரள வேண்டியதில்லை. பின்னர் இரண்டிலும் மூன்றிலும் வேகமெடுத்துச் சட்டென்று ஆக்சிலரேட்டரை விட வேண்டும். அப்போது கியர் தானாக நழுவி நியூட்ரலுக்கு வருமானால், அந்த வண்டியை நான் யாருக்கும் சிபாரிசு செய்வதில்லை.

அந்த டீசல் காரின் கியர்கள் யாவும் சுத்தமாக விழுந்தன, நழுவவும் இல்லை; திரும்பி வந்து கீழே குனிந்து பார்த்தபோது எஞ்சினும் கியர்பாக்ஸும் சேருமிடத்தில் ஆயில் ஈரமும் இல்லை. பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் ஆகிய மூன்றும் சேர்ந்த செட்டின் விலையை, கியர்பாக்ஸை இறக்கி மாற்றும் கூலியோடு மெக்கானிக்கிடம் கேட்டறிந்து, அந்தத் தொகையை விலையில் கழிக்கும்படி கோரினோம். முள் தாவியதைப் பக்கத்து இருக்கையிலிருந்து தாமே கண்டிருந்த உரிமையாளர் அதற்குச் சம்மதித்தார்.