அன்ரி 189 டொலருக்கு எடுத்த அறை 149 ஆனது எப்படி?

இந்த எபிசோட்டில் விமான டிக்கெட் விலை ஏன் ஏறி இறங்குது என்று கதைத்தோம். நேரம் போதாமல் விட்ட ஹோட்டல் பகுதியை இங்கே எழுதுகிறேன். ஹோட்டல் கணக்கு ஒரு விதத்தில் இன்னும் சுவாரசியமானது. அதில் எங்கட சனத்தின்ர கலியாண வீடுகளும் வந்து விழும்.

போன கோடையில் ரொறன்ரோவுக்குப் பக்கத்தில் 140 அறை உள்ள ஒரு ஹோட்டலில் மூன்று வாரம் கொன்ராக்ட் வேலை செய்தேன். விலை போடுகிற புது சொஃப்ட்வெயரை, புக்கிங் எல்லாம் பதிவாகிற மெயின் சொஃப்ட்வெயரோடு இணைப்பதுதான் வேலை. ஒரு நாள் ரிசெப்ஷனில் இருந்த பிள்ளை போனை என்னிடம் நீட்டினா. லண்டனிலிருந்து ஒரு அன்ரி. ஒரு கலியாணத்துக்கு வாறா, இன்னும் 12 நாள் இருக்கு.

"தம்பி, நான் ஏழு கிழமைக்கு முதலே புக் பண்ணினனான். ஒரு இரவுக்கு 189 டொலர். இப்ப பார்த்தா வேற ஒரு இணையத்தளத்தில அதே ஹோட்டல், அதே நாள், 149 எண்டு கிடக்குது. முந்தி எடுத்தவைக்குத்தானே மலிவா இருக்கவேணும்? என்னை ஏமாத்திப்போட்டினமோ?"

ஏமாற்று இல்லை. ஆனா "அப்படித்தான் அன்ரி, விலை மாறும்" என்று சொல்லி போனை வைத்தால் அது பதிலும் இல்லை. 40 டொலர் வித்தியாசம் எங்கேயிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும்.

முதலில் பார்க்க வேண்டியது, இரண்டும் ஒரே சாமானா என்பது. எங்கட திரையில் ஒரே அறைக்கு இரண்டு ரேட் இருந்தது: `FLEX`, `NONREF`. அன்ரி எடுத்தது `FLEX`. வருகிற நாளுக்கு 48 மணித்தியாலத்துக்கு முதல் வரை ரத்துச் செய்யலாம், ஒரு சதமும் போகாது. அவ இணையத்தில் கண்டது `NONREF`. இப்பவே முழுக்காசும் கட்ட வேண்டும், வராவிட்டால் திரும்பக் கிடைக்காது. அதே நேரம் ஹோட்டலின் சொந்தத் தளத்தில் `FLEX` 159க்கு இருந்தது. அதாவது 40 டொலரில் 10 டொலர் அறையின் விலை இல்லை, மனம் மாறுகிற உரிமையின் விலை. உண்மையாக இறங்கினது மிச்சம் 30 டொலர்தான்.

(வரியையும் பாருங்கோ. லண்டனில் ஹோட்டல் விலை பெரும்பாலும் வற் வரி சேர்த்தே இருக்கும். கனடாவில் முதலில் காட்டுகிற விலையில் வரி பெரும்பாலும் இருக்காது. ஒன்ராறியோவில் எச்எஸ்டி மட்டுமே 13 வீதம். ஒரு திரையில் வரியோடும் மற்றதில் வரியில்லாமலும் பார்த்துவிட்டுச் சண்டைக்கு வருகிற ஆட்கள் கனபேர். அன்ரி பார்த்த இரண்டும் வரியில்லாத விலை.)

சரி, அந்த 30 டொலர் ஏன் இறங்கினது?

அன்ரி புக் பண்ணின நாளில் அந்த வெள்ளிக்கிழமை இரவுக்கு 40 அறை தனித்தனி ஆட்கள் எடுத்திருந்தார்கள். இன்னும் 45 அறையை ஒரு குழு பிடித்து வைத்திருந்தது. வேறு ஒன்றும் இல்லை, ஒரு கலியாண வீடு. வெளிநாட்டிலிருந்து வருகிற சொந்தக்காரருக்கென்று மாப்பிள்ளை பகுதி மொத்தமாகப் பிடித்து வைத்தது. இதை புளொக் என்று சொல்லுவார்கள். சொஃப்ட்வெயரின் கண்ணில் 85 அறை போய்விட்டது, 55 தான் மிச்சம், இன்னும் ஏழு கிழமை இருக்கு. இந்த வேகத்தில் போனால் ஹோட்டல் நிறையும் என்று கணித்து 189 போட்டது.

ஆனா புளொக்குக்கு ஒரு கடைசித் திகதி இருக்கும். இங்கே மூன்று கிழமைக்கு முதல். அந்தத் திகதிக்குள் பெயர் கொடுத்து எடுக்காத அறைகள் தானாகத் திரும்பிப் பொது விற்பனைக்கு வந்துவிடும். 45இல் எத்தனை எடுத்தார்கள் தெரியுமா? 18. மிச்ச ஆட்கள் எங்கே போயிருப்பார்கள் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஸ்காபரோவில் பெரியம்மா வீட்டு பேஸ்மென்ட் இருக்க, ஆர் ஹோட்டலுக்குக் காசு கட்டுறது?

இப்படி ஒரே இரவில் 27 அறை திரும்பி வந்தது. அன்ரி போன் எடுத்த நாளில் கணக்கு இப்படி: தனி ஆட்கள் 78, குழு 18, மொத்தம் 96. மிச்சம் 44. இதே மாதிரி ஒரு கோடை வெள்ளிக்கிழமைக்கு, 12 நாள் இருக்கும்போது அந்த ஹோட்டலில் வழமையாக 20 அறை அளவில்தான் மிச்சம் இருக்கும். சொஃப்ட்வெயர் ஒவ்வொரு இரவும் பார்ப்பது இந்த வித்தியாசத்தைத்தான். எத்தனை அறை விற்றது என்பதை விட, இந்த நேரத்துக்கு விற்றிருக்க வேண்டிய அளவோடு ஒப்பிட்டால் முன்னுக்கு நிற்கிறோமா பின்னுக்கு நிற்கிறோமா என்பதுதான் கேள்வி. 24 அறை பின்னுக்கு. விலை இறங்கியது.

எவ்வளவு இறக்குவது என்பதற்கு ஒரு பழைய விதி இருக்கு. 1972இல் பிஓஏசி விமானக் கம்பனியில் வேலை செய்த கென் லிட்டில்வுட் எழுதினது. இன்றைய சொஃப்ட்வெயர் எவ்வளவு சிக்கலானாலும் அடியில் இந்த யோசனையைக் காணலாம். கடைசி நாட்களில் அவசரமாக வருகிற ஆள் 220 டொலர் கொடுப்பார் என்று வையுங்கோ. இப்ப ஒருவர் 159 தாறன் என்கிறார். விற்பதா, பிடித்து வைப்பதா?

```
159 / 220 = 0.72
```

அந்த அறை கடைசியில் 220க்குப் போகிற சாத்தியம் நூற்றுக்கு 72க்கு மேல் என்றால் பிடித்து வை. குறைவு என்றால் இப்பவே வில். அவ்வளவுதான்.

இதில் கவனிக்க வேண்டியது, அந்த சாத்தியம் எல்லா அறைக்கும் ஒன்றில்லை. கடைசி நேரத்தில் 220 கொடுக்கிறவர்கள் சராசரியாக 15 பேர் வருவார்கள், சில கிழமை 10, சில கிழமை 20 என்றால், முதல் 5 அறை அந்த விலைக்குப் போவது கிட்டத்தட்ட உறுதி. 12ஆவது, 13ஆவது அறையில் சாத்தியம் 72க்குக் கிட்ட வரும். 30ஆவது அறையை 220க்கு எடுக்க ஆருமே வரமாட்டார்கள். ஆகவே 12 அறை அளவில் ஒதுக்கி வைத்துவிட்டு மிச்ச 32ஐ 159க்குத் திறந்து விடுவது புத்தி. விற்காத இரவை அடுத்த நாள் விற்க முடியாது. சனிக்கிழமை காலையில் வெள்ளி இரவுக்குப் பெறுமதி பூச்சியம். அதே நேரம் விலை எவ்வளவும் இறங்காது. இதுக்குக் கீழே போகாதே என்று ஒரு அடிமட்ட விலையை விலைக்குப் பொறுப்பான மனேஜர் கையால் போட்டு வைத்திருந்தார். அந்த இரவுக்கு 119.

இதைச் சுருக்கமாகச் சொன்னபோது அன்ரி கேட்டது நீங்களும் கேட்கிற கேள்விதான். "நான் திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்தபடியால எனக்குக் கூட்டிப் போட்டதோ?" இங்கே கூட்டவில்லை, குறைத்திருக்கிறது. நான் இணைத்த சொஃப்ட்வெயருக்குள் வந்தது புக்கிங், ரத்து, பக்கத்து ஹோட்டல்களின் விலை போன்றவை. லண்டனில் ஒரு அன்ரி எத்தனை தரம் பார்த்தா என்று ஒரு வரியும் அதில் இல்லை. ஆனா ஆளுக்கு ஆள் விலை மாறவே மாறாது என்றும் நினைக்க வேண்டாம். அங்கத்தவருக்கு ஒரு விலை, போனில் புக் பண்ணினால் ஒரு விலை, குறிப்பிட்ட நாட்டிலிருந்து பார்த்தால் ஒரு விலை என்று விற்பனைத் தளங்களில் தள்ளுபடி விதிகள் உண்டு. அதனால் இன்கொக்னிற்றோவில் பார்த்தால் சிலவேளை விலை கூடத்தான் செய்யும், ஏனென்றால் நீங்கள் அங்கத்தவர் இல்லாமல் போகிறீர்கள். ஒப்பீட்டுத் தளத்தில் ஒரு விலை, அமத்திப் போனால் வேறு விலை என்பதும் பெரும்பாலும் தந்திரம் இல்லை. அவர்கள் பழைய விலையைச் சேமித்து வைத்துக் காட்டுகிறார்கள், அதுக்குள் ஹோட்டல் மாற்றியிருக்கும்.

இனி அன்ரி என்ன செய்யலாம்? 149ஐ எடுத்தால் இரண்டு இரவுக்கு 298. 159இல் இருந்தால் 318. மிச்சம் பிடிப்பது 20 டொலர், பணயம் 298 டொலர். 20ஐ 318ஆல் பிரித்தால் 6 வீதத்துக்குக் கொஞ்சம் மேல். பயணம் குழம்புகிற வாய்ப்பு அதைவிடக் கூட என்றால் `FLEX`தான் மலிவு. அன்ரியின் மகளுக்கு லீவு இன்னும் உறுதியாகவில்லை. அதோடு கதை முடிந்தது. அதுவும் இல்லாமல் 149 வேறு கம்பனியின் தளம். அங்கே காசு கட்டினால் புக்கிங்கை மாற்ற அவர்களிடம்தான் போக வேண்டும். ரிசெப்ஷன் பிள்ளை விரும்பினாலும் கை வைக்க முடியாமல் போகலாம்.

அன்ரி நேரடியாக ஹோட்டலில் எடுத்தபடியால் வேலை லேசு. ரிசெப்ஷன் பிள்ளை அதே புக்கிங்கைத் திறந்து, அன்றைய `FLEX` விலைக்கு மாற்றிவிட்டா. கன்ஃபர்மேஷன் நம்பர்கூட மாறவில்லை. இரவுக்கு 30, இரண்டு இரவுக்கு 60, எச்எஸ்டியோடு 67.80 டொலர் மிச்சம். நீங்கள் போனில் கேட்பதென்றால் "ஏன் குறைச்சனீங்கள்" என்று தொடங்க வேண்டாம். "என்ர புக்கிங்கை இண்டைய ஃபிளெக்சிபிள் ரேட்டுக்கு மாத்த ஏலுமோ?" என்று கேளுங்கோ. மாட்டம் என்றால், முதலில் புது புக்கிங்கை எடுத்து, கன்ஃபர்மேஷன் ஈமெயில் வந்த பிறகே பழையதை ரத்துச் செய்யுங்கோ. மாறிச் செய்தால் இடையில் அறையும் போகும், விலையும் போகும். `NONREF` எடுத்தவர்களுக்கு இந்த வழி இல்லை. சில பெரிய ஹோட்டல்களில் எங்களை விட மலிவாகக் கண்டால் சமப்படுத்துவோம் என்று ஒரு உத்தரவாதம் இருக்கும். ஆனா அதை புக் பண்ணி 24 மணித்தியாலத்துக்குள் கேட்க வேண்டும் என்பது வழமையான நிபந்தனை, அதுவும் அதே அறை, அதே ரத்து விதிக்குத்தான்.

"அப்ப நாளைக்கு இன்னும் குறைஞ்சால்?" என்றா அன்ரி.

"திரும்ப எடுங்கோ அன்ரி. மாத்தித் தருவினம். ஆனா வெள்ளிக்கிழமை செக்-இன் பின்னேரம் 4 மணி. அதில 48 மணித்தியாலம் கழிச்சால் புதன்கிழமை 4 மணி, அது ரொறன்ரோ நேரம். உங்களுக்கு லண்டனில இரவு 9 மணி. அதுக்குப் பிறகு ரத்துச் செய்ய ஏலாது."

அந்தப் புதன்கிழமை மத்தியானம் நான் திரையைப் பார்த்தபோது `FLEX` 209இல் நின்றது. மிச்சம் 9 அறை.