நேர்முகப் பரீட்சையின் பின் எழுதும் மடல்

நேர்முகப் பரீட்சைக்குச் சென்று மீண்ட பழைய மாணவர் சிலர், மறுநாள் நிறுவனத்துக்கு அனுப்பக் கருதிய மின்னஞ்சலை நம்மிடம் காட்டித் திருத்தம் கேட்பதுண்டு. அவற்றுட் பல மடல்களாக இல்லை; மனுக்களாகவே இருக்கின்றன. 'தாழ்மையுடன் விண்ணப்பிக்கின்றேன்' என்று எழுதப் பழக்கிய ஆசிரியராகிய நாமும் இதற்கு ஓரளவு பொறுப்பாளிகளே.

கொழும்பிலே தனியார் நிறுவனமொன்றிற் கணக்குதவியாளர் பதவிக்குத் தோற்றிய ஒருவர், தம் முதல் வரைவில் மும்முறை நன்றி கூறியிருந்தார். 'இவ்வேலை எனக்கு மிகவும் அவசியம். எவ்வேலை தரினும் செய்வேன். முடிவை விரைவில் அறியத் தருக' என்றும் எழுதியிருந்தார். இவற்றுள் நடுவிலுள்ள வாக்கியமே பெருங் கேடு செய்வது. குறித்த ஒரு வேலைக்கு ஆள் தேடுவோரிடம் எதையும் செய்வேன் என்பவர், அந்த வேலைக்குரிய தமது தகுதியைத் தாமே கைவிடுகின்றார்.

"அவர்கள் உம்மிடம் எதைப்பற்றி அதிக நேரம் கேட்டார்கள்?" என வினவினோம். மாத முடிவில் வங்கிக் கணக்கிணக்கக் கூற்றுத் தாமதமாவதைப் பற்றி என்றார். அதற்குத் தாம் அரைகுறையாகவே விடையளித்ததாகவும் சொன்னார். மடலுக்கு வேண்டிய பொருள் அங்கேதான் இருந்தது. திருத்திய மடல் வருமாறு:

'ஐயா, நேற்று என்னுடன் உரையாட நேரம் ஒதுக்கியமைக்கு நன்றி. வங்கிக் கணக்கிணக்கக் கூற்றுத் தாமதமாவதைக் குறிப்பிட்டீர்கள். முன்னைய வேலையில் நான் காசேட்டை வாரந்தோறும் வங்கிக் கூற்றுடன் ஒப்பிட்டு வந்தேன். ஆதலின் மாத முடிவில் ஆராய வேண்டியவை சிலவே எஞ்சின. இதனை நேற்றுச் சொல்லத் தவறிவிட்டேன். தங்கள் விளக்கத்தைக் கேட்டபின் இப்பதவியில் என் விருப்பம் உறுதியாயிற்று. மேலும் விவரம் வேண்டின் அனுப்பி வைப்பேன்.'

விருப்பம் ஒருமுறையே சொல்லப்பட்டுள்ளது. அதற்குக் காரணமும் உண்டு. தகுதி என்ற சொல்லே இல்லை. செய்த வேலை அதனை உணர்த்துகின்றது. (வாரந்தோறும் ஒப்பிட்டது மெய்தானா என்பதைக் கேட்டறிந்த பின்னரே அவ்வரியை எழுதவிட்டோம்.) கெஞ்சும் தொனி உண்டா என்று அறிய, வேறொரு வேலை கையிலிருப்பதாக எண்ணி மடலைப் படித்துப் பார்க்கலாம். அந்நிலையில் எழுதியிருக்க மாட்டாத வாக்கியத்தை நீக்கிவிட வேண்டும்.

பொருள் வரியிற் பதவியின் பெயரையும் நேர்முகப் பரீட்சை நடந்த திகதியையும் இடுதல் போதும். மறுநாளே அனுப்புதல் நன்று. முடிவு இரண்டு வாரத்தில் வரும் என்று அவர்கள் கூறியிருந்தமையால், அம்மடலில் முடிவைப்பற்றிய கேள்வி வேண்டியதில்லை. அத்தவணை கடந்து இரண்டு மூன்று வேலைநாள் சென்றபின், இரண்டு வரியில் ஒருமுறை விசாரிக்கலாம். அதற்கும் விடை வராவிடின் மூன்றாவது மடல் எழுதுதல் தகாது.

அரச பதவிகளுக்கு இம்முறை பொருந்தாது. அங்கே புள்ளிகள் வகுத்த திட்டப்படி இடப்படுகின்றன. ஆதரவு தேட முயல்வோர் தகைமையிழப்பர் என்று விளம்பரத்திலேயே அறிவிப்பதும் உண்டு. அத்தகைய அறிவித்தலைக் கண்டவர், நன்றி மடலையும் அனுப்பாதிருப்பதே பாதுகாப்பானது.