கடை தொடங்கும் பிள்ளைகளுக்கு: எந்தச் சாமானுக்கு எவ்வளவு இடம்?

ஸ்காபரோவில் பலசரக்குக் கடை நடத்தி ஓய்ந்தவன் சொல்கிறேன்.

1. கண்ணை நம்பிச் சாமான் எடுக்காதீர்கள். முதல் வருடம் தேங்காய்ப்பால் ரின்கள் பறந்துபோவதைப் பார்த்து, பின்னறை முழுக்க அவற்றையே அடுக்கினேன். ஒரு சனிக்கிழமை மத்தியானம் குத்தரிசி முடிந்துவிட்டது. அரிசிக்கு வந்தவர்கள் மீன், மரக்கறியையும் வேறு கடையிலேயே வாங்கிக்கொண்டார்கள்.

2. மாதம் விற்ற எண்ணிக்கையை விலையால் பெருக்குங்கள். உதாரணத்துக்குப் பத்துச் சாமானை எடுப்போம். குத்தரிசி 200 மூட்டை, 25 டொலர்படி 5,000. உறைந்த மீன் 400 கிலோ, 8 டொலர்படி 3,200. தேங்காய்ப்பால் 600 ரின், 2 டொலர்படி 1,200. மீதி ஏழும் சேர்ந்து 600. மொத்தம் 10,000 டொலர். எண்ணிக்கையில் முதலில் நிற்கும் தேங்காய்ப்பால், பணத்தில் மூன்றாவது.

இனிப் பெரியதிலிருந்து சிறியதாக எழுதி, மேலிருந்து கூட்டிக்கொண்டே வாருங்கள். 80 சதவீதம் வரும் இடத்தில் ஒரு கோடு, 95 அளவில் இன்னொன்று. அரிசியும் மீனும் 82, அவை 'ஏ'. தேங்காய்ப்பாலோடு 94, அது 'பி'. மிச்சம் 'சி'. கோடு சரியாக எண்ணில் விழாது, பக்கத்தில் போடுங்கள். இந்த முறையை 1951இல் எழுதி வைத்தவர் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் ஃபோர்ட் டிக்கி.

3. 'ஏ' சாமானை ஒவ்வொரு கிழமையும் கையால் எண்ணுங்கள். கொஞ்சமாக, அடிக்கடி எடுங்கள். பணம் மூட்டைகளில் முடங்காது. ஆனால் பனிப்புயல் அறிவித்தால் இரண்டு நாளுக்கான அரிசி கூடுதலாக இருக்கட்டும், லொறி பிந்தும். 'பி'யை இரண்டு கிழமைக்கு ஒருமுறை பார்த்தால் போதும். 'சி'யை மாதத்துக்கு ஒருமுறை எண்ணலாம். மலிவுதானே, நிறைய வாங்கிப் போடுங்கள் என்று தொழிற்சாலைக்காரர் சொல்வார்கள். அவர்களுடைய ஆணி கெடாது, நம்முடைய மா கெடும். திகதியைப் பார்த்தே எடுங்கள்.

4. தைப்பொங்கலுக்கு முன் சர்க்கரையும் பானையும் 'சி'யிலிருந்து மேலே ஏறும். அதனால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதிதாகப் பிரியுங்கள். பண்டிகை மாதத்தைப் போன வருடத்தின் அதே மாதத்தோடு வைத்துப் பாருங்கள்.

5. இந்தக் கணக்குக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. ஒடியல் மா மாதம் பத்துப் பைக்கற், 60 டொலர், அடியில் கிடக்கும். அதை நிறுத்தலாம் என்று பட்டியல் சொல்லும். நிறுத்துமுன் ரசீதுகளைப் புரட்டுங்கள். கூழுக்கு மா வாங்கியவர் அதே ரசீதில் மீனும் அரிசியும் எடுத்திருப்பார். மாவுக்காக வேறு கடைக்குப் போனால் அவற்றையும் அங்கேயே எடுப்பார். அப்படிப்பட்ட சாமானுக்குப் பக்கத்தில் சிவப்புப் பேனையால் ஒரு புள்ளி போடுங்கள். 'சி'யிலேயே இருக்கட்டும், ஆனால் மூன்று பைக்கற்றுக்குக் கீழே இறங்க விடாதீர்கள்.